சொலிட்டேர் ஆட்டத்தில் நூற்றுக்கு எத்தனை வெல்லும்? செய்நிரல் எழுதிக் கணிப்போர் கேட்கும் கேள்விகள்

உப்புவெளியில் உயர்தர மாணவர்களுக்கு நான் நடத்தும் மாலை வகுப்பில், எழுமாற்று எண்களைப் பற்றிய பாடத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே பயிற்சியைத்தான் கொடுக்கிறேன். ஒரு சீட்டாட்டத்தை நிலையான ஒரு விதிப்படி கணினி ஆயிரக்கணக்கான தடவை ஆட வேண்டும்; வெற்றி வீதத்தை அதிலிருந்து மதிப்பிட வேண்டும். மாணவர்களும் அவர்களுடைய வீட்டாரும் இந்தப் பயிற்சி தொடர்பாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் குளொண்டைக் எனப்படும் ஆட்டத்தைப் பற்றியவை. பழைய விண்டோஸ் கணினிகளில் சொலிட்டேர் என்ற பெயரில் இருந்தது அதுதான்.

சேர், இதைக் கணிதத்தாலேயே கண்டுபிடிக்க ஏலாதா? ஏன் ஆடிப் பார்க்க வேணும்?

52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வகைகளின் எண்ணிக்கை, 8 என்ற எண்ணுக்குப் பின்னால் 67 பூச்சியங்களை இட்டால் வரும் தொகைக்குச் சற்று மேலானது. அதைக்கூட ஒருவாறு சமாளிக்கலாம், ஏனெனில் இதைவிடப் பெரிய எண்ணிக்கைகளையும் நிகழ்தகவுக் கணிதம் ஒரு வரியில் சுருக்கித் தந்திருக்கிறது. உண்மையான தடை வேறு. குளொண்டைக்கில் ஒரு சீட்டை நகர்த்தியதும் அடுத்து எவை நகரலாம் என்பது மாறிவிடுகிறது. அந்த மாற்றம் கவிழ்ந்து கிடக்கும் சீட்டு எது என்பதிலும், ஆடுபவர் எதைத் தெரிவுசெய்தார் என்பதிலும் தங்கியிருக்கிறது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கிய நிகழ்ச்சிகளைச் சூத்திரமாகச் சுருக்குவதற்கு இதுவரை வழி கிடைக்கவில்லை.

ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர் 1946 இல் நோயிலிருந்து தேறிவந்த நாள்களில் இதே இடத்தில்தான் வந்து நின்றார். கான்ஃபீல்ட் என்ற சொலிட்டேர் ஆட்டம் வெல்வதற்கான நிகழ்தகவைச் சேர்மானக் கணக்கால் காண முயன்றார். பின்னர், நூறு தடவை ஆடி எத்தனை வென்றது என்று எண்ணிவிட்டால் என்ன என்று யோசித்தார். அந்த எண்ணத்தை அவர் ஜோன் வொன் நொய்மனிடம் சொன்னார்; நியூத்திரன்கள் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகின்றன என்ற கணக்குக்கு இருவரும் அதைப் பயன்படுத்தினார்கள். மொன்டே கார்லோ முறை என்று இன்று சொல்லப்படுவது அதுதான்.

நிலையான விதி என்று சொல்கிறீர்களே, அது என்ன? நல்லா விளையாடு என்று கணினிக்குச் சொன்னால் போதாதா?

போதாது. ஒரே நிலையைக் கண்டால் எப்போதும் ஒரே நகர்வைச் செய்யும் அளவுக்கு முழுமையாக எழுதப்பட்டிருந்தால்தான் அது விதி. இரண்டு நகர்வுகள் ஒரே தகுதியோடு இருந்தால் எது முதலில் என்பதையும் விதியே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளக்கும் பொருள் எதுவென்றே தெரியாமல் போய்விடும்.

நான் வகுப்பில் கொடுக்கும் விதி மூன்று சீட்டுகளை ஒருமிக்கப் புரட்டும் குளொண்டைக்குக்கானது. 28 சீட்டுகள் ஏழு அடுக்குகளாகக் கிடக்கும், மிகுதி 24 கைக்கட்டில் இருக்கும், கைக்கட்டை எத்தனை தடவையும் சுற்றிவரலாம். ஏஸிலிருந்து இராசா வரை ஒரே இனமாக ஏறும் நான்கு இடங்களையும் வகுப்பில் நாங்கள் வீடு என்கிறோம். முதலில், ஏஸும் இரண்டும் வீட்டுக்குப் போக முடிந்தால் உடனே போக வேண்டும். ஏஸின்மேல் அடுக்குகளில் எதையும் வைக்க முடியாது, இரண்டின்மேல் ஏஸை மட்டுமே வைக்கலாம், அந்த ஏஸ்தான் எப்படியும் வீட்டுக்குப் போகிறதே. ஆகவே அடுக்குகளிலிருந்து போகும்போது இந்த நகர்வால் ஒருபோதும் நட்டமில்லை. இரண்டாவதாக, கவிழ்ந்த சீட்டொன்றைத் திறக்கும் நகர்வு இருந்தால் அதைச் செய்ய வேண்டும். பல இருந்தால் அதிகமான கவிழ்ந்த சீட்டுகளுள்ள அடுக்கிலிருந்தும், அதிலும் சமமாயிருந்தால் இடப்பக்கத்து அடுக்கிலிருந்தும் எடுக்க வேண்டும். மூன்றாவதாக, கைக்கட்டில் திறந்திருக்கும் சீட்டை ஓர் அடுக்கில் வைக்க முடிந்தால் வைக்க வேண்டும். நான்காவதாக, மூன்றும் அதைவிடப் பெரிய சீட்டுகளும் வீட்டுக்குப் போக முடிந்தால் போக வேண்டும். இவற்றில் எதுவும் இல்லையென்றால் அடுத்த மூன்றைப் புரட்ட வேண்டும். இராசா மட்டுமே வெற்றிடத்துக்குப் போகும், அதுவும் தனக்குக் கீழே கவிழ்ந்த சீட்டு இருக்கும்போது அல்லது கைக்கட்டிலிருந்து வரும்போது மட்டும். வீட்டுக்குப் போனது திரும்பி இறங்காது.

இது சிறந்த விதி என்று நான் சொல்லவில்லை. இரண்டு மாணவர்கள் தனித்தனியே எழுதினாலும் ஒரே பகிர்வுக்கு ஒரே முடிவைத் தரும் அளவுக்குத் தெளிவான விதி என்பதே இதன் தகுதி.

எழுதி முடித்துவிட்டேன், ஒரு எண்ணும் வருகிறது. அது சரியான எண் என்று எப்படித் தெரியும்?

இந்தப் பயிற்சியில் நான் மிகவும் மதிக்கும் கேள்வி இதுதான். விடை தெரியாத ஆட்டத்தில் வரும் எண்ணைப் பார்த்து அது சரியா பிழையா என்று சொல்ல முடியாது. ஆகவே விடை தெரிந்த ஓர் ஆட்டத்தை முதலில் அதே கலைப்பு முறையாலும் அதே எண்ணும் முறையாலும் ஆட வைக்க வேண்டும். அதற்கு மணிக்கூட்டு ஆட்டம் மிகவும் பொருத்தமானது.

சீட்டுகளை நான்கு நான்காகப் பதின்மூன்று குவியல்களாக்கிக் கவிழ்த்து வைக்கிறோம். மணிக்கூட்டின் பன்னிரண்டு எண்களுக்குப் பன்னிரண்டு குவியல்கள், பதின்மூன்றாவது நடுவில், அது இராசாவின் குவியல். நடுக்குவியலின் மேற்சீட்டைத் திறந்து, அது ஐந்தானால் ஐந்து மணிக் குவியலின் அடியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்தக் குவியலின் மேற்சீட்டைத் திறக்க வேண்டும். இப்படியே போய், நான்காவது இராசா வந்ததும் நடுவில் திறக்க ஒன்றும் இராது, ஆட்டம் முடிந்துவிடும். அப்போது 52 சீட்டுகளும் திறந்திருந்தால் வெற்றி.

இங்கே ஆடுபவருக்குத் தெரிவே கிடையாது. நன்றாகக் கலைத்த கட்டில் சீட்டுகள் திறக்கப்படும் ஒழுங்கும் முழுக்க எழுமாற்றானதே. வெற்றி என்பது அந்த ஒழுங்கின் கடைசிச் சீட்டு இராசாவாக இருப்பது, அவ்வளவுதான். 52 இல் 4 இராசாக்கள், ஆகவே வெற்றி நிகழ்தகவு சரியாக 1/13, அதாவது 7.69%. பைதனில் முழு ஆட்டமும் இவ்வளவே:

```python
import random

def clock(rng):
    deck = [r for r in range(13) for _ in range(4)]
    rng.shuffle(deck)
    piles = [deck[4*i:4*i+4] for i in range(13)]
    p, turned = 12, 0
    while piles[p]:
        p = piles[p].pop()
        turned += 1
    return turned

rng = random.Random(7)
n = 10000
t = [clock(rng) for _ in range(n)]
print(t.count(52) / n, sum(t) / n)
```

இதில் 12 என்பது இராசாவும் நடுக்குவியலும். கடைசி வரி இரண்டு எண்களை அச்சிடுகிறது. முதலாவது வெற்றி வீதம். இரண்டாவது, ஓர் ஆட்டத்தில் சராசரியாக எத்தனை சீட்டுகள் திறந்தன என்பது. அதற்கும் சரியான விடை உண்டு: நான்கு இராசாக்களில் கடைசியாக வருவதன் சராசரி இடம் 53 × 4/5, அதாவது 42.4. 10,000 ஆட்டங்கள் ஆடினால் வெற்றிகள் ஏறக்குறைய 716 க்கும் 822 க்கும் இடையிலும், சராசரி 42.24 க்கும் 42.56 க்கும் இடையிலும் விழ வேண்டும். இருபது ஓட்டங்களில் ஒன்று இந்த எல்லைக்கு வெளியே போவது இயல்பு. எழுமாற்று எண்களின் தொடரைத் தீர்மானிக்கும் விதை எண்ணை, இங்கே 7 ஐ, மாற்றி மூன்று தடவை ஓட்டியும் வெளியே நின்றால் செய்நிரலில் பிழை இருக்கிறது. வெற்றி வீதத்தை மட்டும் பார்ப்பதைவிட இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் வெற்றி வீதம் பதின்மூன்றில் ஓர் ஆட்டத்தின் செய்தியைத்தான் தருகிறது, சராசரியோ ஒவ்வோர் ஆட்டத்தையும் கணக்கில் எடுக்கிறது.

மணிக்கூடு சரியாக வந்தால் கலைப்பும் எண்ணலும் சரி என்று கொள்ளலாம். குளொண்டைக் விதியைச் சரியாக எழுதினோமா என்பது அதனால் தெரியவராது. அதற்குச் சீட்டுகளைக் கையில் எடுக்கத்தான் வேண்டும்.

கையில் எடுப்பதென்றால் எப்படி?

செய்நிரல் ஓர் ஆட்டத்தின் தொடக்கப் பகிர்வையும் ஒவ்வொரு நகர்வையும் வரிவரியாக அச்சிட வேண்டும். அதே பகிர்வை உண்மையான சீட்டுகளால் பாயில் பரப்பி, ஒருவர் வரியை வாசிக்க மற்றவர் நகர்த்த வேண்டும். என் முதல் செய்நிரலின் பிழை இப்படித்தான் பிடிபட்டது. ஆடி மாதம், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது; விறாந்தையில் அடுக்குகளின்மேல் சின்னக் கற்களை வைத்து அம்மா சீட்டுகளை நகர்த்தினார், நான் வாசித்தேன். ஐந்தாவது அடுக்கில் நிமிர்ந்து கிடந்த ஒரே சீட்டு இரண்டு. அது வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கப்படி கீழே கிடந்ததைத் திறந்தார், ஏழு வந்தது. அடுத்த வரியில் செய்நிரல் அந்த ஏழைத் தொடவே இல்லை. நான் வாசித்துக்கொண்டே போனேன். பக்கத்து எட்டில் இந்த ஏழை வைக்கலாமே, ஏன் உன்ர கணினி வைக்கவில்லை என்று அம்மா கேட்டார்.

அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்குப் போகும்போது அடியிலுள்ளதைத் திறக்கும் கட்டளையை எழுதியிருந்தேன், வீட்டுக்குப் போகும்போது அதை எழுத மறந்திருந்தேன். செய்நிரல் ஒரு தடவையும் முறிந்து நிற்கவில்லை, எண் ஒன்று வந்துகொண்டேயிருந்தது. அது உண்மையைவிடக் குறைந்த எண் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. பத்துப் பகிர்வுகளையாவது இப்படிக் கையால் ஆடிப் பாருங்கள், அவற்றில் வென்ற ஆட்டங்களும் இருக்கட்டும். இதோடு ஒவ்வொரு நகர்வின் பின்னும் எல்லா இடங்களிலுமுள்ள சீட்டுகளைக் கூட்டினால் 52 உம் ஒவ்வொன்று ஒரு தடவை வருகிறதா என்று செய்நிரலே சரிபார்க்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எத்தனை ஆட்டம் ஆடினால் போதும்?

எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதைப் பொறுத்தது. வெற்றி வீதம் p, ஆட்டங்கள் n என்றால், மதிப்பீடு ஓட்டத்துக்கு ஓட்டம் எவ்வளவு சிதறும் என்பதைக் காட்டும் நியம வழு `sqrt(p*(1-p)/n)`. மதிப்பீட்டுக்கு இரு பக்கமும் இரண்டு நியம வழுவை விட்டால், இருபதில் பத்தொன்பது தடவை உண்மையான வீதம் அந்த எல்லைக்குள் அகப்படும்.

ஒரு விதி பத்து வீதம் அளவில் வெல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஆட்டங்களில் வழு எல்லை ஆறு வீதம், அதாவது 4 இலிருந்து 16 வரை எதுவும் உண்மையாக இருக்கலாம்; அது மதிப்பீடே அல்ல. ஒரு வீதத்துக்குள் வேண்டுமானால் 3,600 ஆட்டங்கள் வேண்டும். பத்தில் ஒரு வீதத்துக்குள் வேண்டுமானால் 3,60,000. பத்து மடங்கு நுணுக்கத்துக்கு நூறு மடங்கு ஆட்டங்கள் என்ற இந்த விலையை எவராலும் குறைக்க முடியாது.

எண்ணிக்கையை ஆடத் தொடங்கும் முன்பே தீர்மானித்து எழுதி வைத்துவிடுங்கள். திரையில் ஓடும் வீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, அது நாம் விரும்பும் எண்ணைத் தொட்டதும் நிறுத்துவது மதிப்பீட்டைக் கெடுத்துவிடும். ஏறியிறங்கும் ஒரு கோடு உண்மையான வீதத்துக்கு அருகிலுள்ள பல எண்களை எப்போதாவது தொடும்.

கலைப்பதற்கு நானே ஒரு வழி எழுதினேன். ஒவ்வொரு சீட்டையும் கட்டில் எங்காவது உள்ள ஒரு சீட்டோடு மாற்றுகிறேன். சரிதானே?

பார்ப்பதற்கு நியாயமாகத் தோன்றும், ஆனால் பிழை. மூன்று சீட்டுகளை வைத்துக் கையால் எண்ணிப் பாருங்கள். மூன்று படிகளிலும் மூன்று மூன்று தெரிவுகள், ஆக 27 வழிகள் சமமாக நிகழலாம். மூன்று சீட்டுகளை அடுக்கும் ஒழுங்குகளோ 6. 27 ஐ ஆறால் சரியாகப் பிரிக்க முடியாது. ஆகவே சில ஒழுங்குகளுக்கு மற்றவற்றைவிட அதிக வழி கிடைத்தே தீரும். எண்ணினால் மூன்று ஒழுங்குகளுக்கு ஐந்து ஐந்து வழிகளும் மற்ற மூன்றுக்கு நான்கு நான்கு வழிகளும் வரும். ஒரு பக்கம் 18.5%, மறுபக்கம் 14.8%. 52 சீட்டுகளிலும் இதே கோணல் இருக்கும்.

சரியான வழியில் மாற்றம் ஒன்றுதான். கடைசிச் சீட்டை 52 இல் ஒன்றோடும், அதற்கு முந்தியதை மீதி 51 இல் ஒன்றோடும் என்று, இடம் நிலைத்துவிட்ட சீட்டுகளை மீண்டும் தொடாமல் போக வேண்டும். ஃபிஷர், யேட்ஸ் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் இந்த முறையைத்தான் பைதனின் `shuffle` கட்டளை செய்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

கையால் ஆடும் பெரியவர்கள் இங்கே ஒன்றைக் கேட்பதுண்டு: அவர்களுடைய வெற்றி வீதம் கணினியின் வீதத்தோடு ஏன் ஒத்துவரவில்லை? கடற்கரையோரம் இருக்கும் வீடுகளில் சீட்டுகள் உப்பு ஈரத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, இரண்டு மூன்று தடவை கலைத்ததோடு பகிர்ந்துவிடுகிறோம். முந்திய ஆட்டத்தில் இராசா, இராணி, ஜாக் என்று சேர்ந்து கிடந்த துண்டுகள் அப்படியே அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடும். கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் கலைக்கும் முறையில் ஏழு தடவை அளவில் வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் ஆகிய இருவரும் 1992 இல் காட்டினார்கள்.

என் செய்நிரல் சில ஆட்டங்களில் நிற்காமல் ஓடுகிறது. 500 நகர்வுக்கு மேல் போனால் தோல்வி என்று வைத்துவிடலாமா?

அப்படி வைக்கலாம், ஆனால் அதற்கு முன் ஏன் ஓடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு ஆறு ஒன்று இரண்டு கறுப்பு ஏழுகளுக்கிடையே அங்குமிங்கும் போய்வந்துகொண்டிருக்கும். இரண்டுமே அனுமதிக்கப்பட்ட நகர்வுகள், இரண்டாலும் பயனில்லை.

விதி நிலையானதாக இருப்பதன் பெரிய பயன் இங்கே தெரியும். ஒரே நிலையில் ஒரே நகர்வைச் செய்யும் விதி, ஏற்கெனவே இருந்த நிலைக்கு ஒரு தடவை திரும்பி வந்தால், அதே வட்டத்தை என்றென்றும் சுற்றும். அங்கே தோல்வி என்று எழுதுவது ஊகமல்ல, நிறுவப்பட்ட முடிவு. நான் மேலே கொடுத்த விதியில் இந்தச் சிக்கலே வராது. கைக்கட்டைப் புரட்டுவதைத் தவிர, அதில் அனுமதிக்கப்படும் எந்த நகர்வும் கவிழ்ந்த சீட்டுகளைக் குறைக்கும், அல்லது கைக்கட்டைக் குறைக்கும், அல்லது வீட்டை உயர்த்தும்; இவை எதுவும் பின்னோக்கிப் போகாதபடியால் நகர்வுகள் முடிந்தே ஆக வேண்டும். ஆகவே கைக்கட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எதையும் ஆடவில்லையென்றால் நிறுத்திவிடலாம். 24 சீட்டுகளை மும்மூன்றாகப் புரட்டும்போது எட்டுச் சீட்டுகள்தாம் மேலே வருகின்றன. எதையும் எடுக்காவிட்டால் அடுத்த சுற்றிலும் அதே எட்டுத்தான் வரும்.

500 என்ற எல்லையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வெற்றி பெறும் ஆட்டங்கள் இயல்பாகவே நீளமானவை, தோல்விகள் பல சமயம் சீக்கிரம் முடிந்துவிடும். எல்லையைக் குறுக்கினால் வெட்டுப்படுவது வெற்றிகளாகவே இருக்கும். அப்படியொரு எல்லையை வைத்தே ஆக வேண்டுமென்றால், அதை இரு மடங்காக்கிப் பார்த்து வெற்றி எண்ணிக்கை ஒன்றுகூட மாறவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இடையில் மின்வெட்டு வந்தால் முழுவதும் வீணா?

ஒவ்வொரு பகிர்வுக்கும் அதன் வரிசை எண்ணையே விதை எண்ணாகக் கொடுத்து, `random.Random(k)` என்று கட்டைக் கலைத்தால், 4,217 ஆவது பகிர்வு எந்தக் கணினியிலும் எந்த நாளிலும் அதே பகிர்வாகவே இருக்கும். பைதனின் பதிப்பு மட்டும் ஒன்றாக இருக்கட்டும். ஆயிரம் ஆட்டங்களுக்கு ஒரு தடவை முடிவுகளைக் கோப்பில் எழுதி வைத்தால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான்கு செயன்முறைகளை ஒருமிக்க ஓடவிட்டு, மின்சாரம் போன கணத்தில் முடிந்திருந்தவற்றை மட்டும் எண்ணக் கூடாது. மேலே சொன்ன அதே காரணத்தால் சீக்கிரம் முடிந்த தோல்விகள் கணக்கில் ஏறி, பாதியில் நின்ற நீளமான ஆட்டங்கள் விடுபட்டுப் போகும்.

சேர், எனக்கு மற்ற எல்லாரையும்விட மூன்று மடங்கு வெற்றி வருகிறது. என் விதி அவ்வளவு நல்லதா?

அப்படியும் இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, விதி கவிழ்ந்த சீட்டுகளை எட்டிப் பார்க்கிறதா என்பதே. கணினியின் நினைவகத்தில் எல்லாச் சீட்டுகளும் திறந்தே கிடக்கின்றன, கவிழ்ந்தது என்பது நாம் வைத்த அடையாளம் மட்டும். ஏஸ் இருக்கும் அடுக்கை முதலில் திற என்று ஒரு வரி தெரியாமல் நுழைந்துவிட்டால், அந்த ஆட்டம் மனிதர்கள் ஆடும் குளொண்டைக் அல்ல.

இதைக் கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி கடுமையானது, ஆனால் தப்பாது. நகர்வைத் தெரிவுசெய்யும் பகுதிக்கு ஆட்டத்தின் நிலையை நேரே கொடுக்காமல், ஒரு பிரதியை எடுத்து, அதில் கவிழ்ந்த சீட்டுகள் அனைத்தையும் `None` ஆக்கிக் கொடுங்கள். எத்தனை கவிழ்ந்து கிடக்கின்றன என்பது அப்போதும் தெரியும், அதை எந்த ஆட்டக்காரரும் பார்க்கலாம். எவை என்பது தெரியாது. விதி எட்டிப் பார்த்தால் செய்நிரல் அந்த வரியிலேயே முறிந்து நிற்கும், அல்லது வெற்றி வீதம் சட்டென்று விழுந்துவிடும். கைக்கட்டில் ஒரு சுற்றில் மேலே வந்த சீட்டை நினைவில் வைத்திருப்பது குற்றமல்ல. நல்ல ஆட்டக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

அப்படியானால் கடைசியில் வரும் எண்தான் குளொண்டைக்கின் வெற்றி வீதமா?

அல்ல. அது அந்த விதியின் வெற்றி வீதம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் எழுதப்படும் அறிக்கையை, அதன் எண் எவ்வளவு சரியாக இருந்தாலும், நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

குளொண்டைக்கைப் பற்றி மூன்று வேறு கேள்விகள் கேட்கலாம். ஒரு விதி எத்தனை வீதம் வெல்லும் என்பது ஒன்று. நாம் அளப்பது இதைத்தான். மனிதர் அறியக்கூடியதை மட்டும் அறிந்துகொண்டு மிகச் சிறப்பாக ஆடினால் எத்தனை வீதம் வெல்லலாம் என்பது இன்னொன்று. அதன் விடை எவருக்கும் தெரியாது, எந்த நல்ல விதியின் வீதமும் அதற்கு ஒரு கீழெல்லையைத் தருகிறது, அவ்வளவே. எல்லாச் சீட்டுகளையும் முன்கூட்டியே பார்த்தவருக்கு எத்தனை வீதமான பகிர்வுகளில் வெல்ல ஒரு வழியாவது இருக்கிறது என்பது மூன்றாவது. மும்மூன்றாகப் புரட்டும் ஆட்டத்தில் இந்த மூன்றாவதற்கு விடை சுமார் 82% என்று, பகிர்வுகளை ஒவ்வொன்றாகத் தேடித் தீர்க்கும் செய்நிரல்களால் கண்டிருக்கிறார்கள். அதுவும் எழுமாற்றுப் பகிர்வுகளின் மாதிரியிலிருந்து வந்த மதிப்பீடுதான், அதற்கும் வழு எல்லை உண்டு.

உங்கள் விதியின் எண் 82 க்கு வெகு கீழே இருந்தால் அது உங்கள் செய்நிரலின் பிழை என்று எண்ண வேண்டாம். கவிழ்ந்ததைப் பார்க்காமல் ஆடும் எளிய விதி அதற்கு வெகு கீழே நிற்பது இயல்பு.

ஒரு வரியை மாற்றினேன். முன்பு 1,000 இல் 80, இப்போது 105. முன்னேற்றம் என்று எழுதலாமா?

இரண்டு ஓட்டங்களிலும் வெவ்வேறு பகிர்வுகளை ஆடியிருந்தால் எழுத முடியாது. வித்தியாசம் 2.5 வீதம், ஒவ்வொன்றின் நியம வழுவும் ஏறக்குறைய 0.9, 1.0 வீதம், வித்தியாசத்தின் நியம வழு 1.3 வீதம். இரண்டு நியம வழு 2.6 ஆகிறது, 2.5 அதற்குள் அடங்கிவிடுகிறது. புதிய விதிக்கு நல்ல பகிர்வுகள் சற்று அதிகம் கிடைத்தன என்றே சொல்லிவிடலாம்.

ஆனால் அதே ஆயிரம் பகிர்வுகளை இரண்டு விதிகளும் ஆடியிருந்தால் கதை வேறு. கணக்கை விளக்க நான் சில எண்களை அமைக்கிறேன். இரண்டு விதிகளும் வென்ற பகிர்வுகள் 60, பழையது மட்டும் வென்றவை 20, புதியது மட்டும் வென்றவை 45, மீதி 875 இல் இரண்டும் தோற்றன. மொத்தம் பழையதற்கு 80, புதியதற்கு 105, முன்பிருந்த அதே எண்கள். இரண்டும் வென்றவையும் இரண்டும் தோற்றவையும் எது நல்ல விதி என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, அவற்றை ஒதுக்கிவிடலாம். முடிவு மாறிய பகிர்வுகள் 65. விதிகளுக்கிடையே வேறுபாடு இல்லையென்றால் இவை நாணயம் சுண்டியதுபோல இரண்டு பக்கமும் பிரிந்திருக்க வேண்டும். 45 க்கும் 20 க்கும் வித்தியாசம் 25. நாணயம் சுண்டினால் இந்த வித்தியாசத்தின் நியம வழு 65 இன் வர்க்கமூலம், அதாவது 8.1. ஆகவே 25 என்பது மூன்று நியம வழுவுக்கு மேலே நிற்கிறது. முன்னேற்றம் என்று தயங்காமல் எழுதலாம்.

ஒரே ஆட்ட எண்ணிக்கை, ஒரே வெற்றி எண்ணிக்கை, ஆனால் ஒரு வழியில் முடிவு இல்லை, மற்ற வழியில் உறுதியான முடிவு. பகிர்வின் வரிசை எண்ணை விதை எண்ணாகக் கொடுக்கச் சொன்னதற்கு மின்வெட்டைவிடப் பெரிய காரணம் இதுதான். அந்த 20 பகிர்வுகளின் எண்களும் கையில் இருப்பதால், புதிய விதி எங்கே தவறியது என்பதை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பியே பார்க்கலாம்.

100 ஆட்டம் ஆடினேன், ஒன்றுகூட வெல்லவில்லை. பூச்சியம் என்று எழுதவா?

எழுத வேண்டாம். n ஆட்டங்களில் ஒரு வெற்றியும் வராவிட்டால், உண்மையான வீதம் 3/n வரை இருக்கலாம் என்று எழுதுங்கள். உங்கள் 100 க்கு அது மூன்று வீதம்.

இதற்கும் விடை தெரிந்த ஓர் ஆட்டத்தைக் காட்டலாம். ஏஸ், இரண்டு, மூன்று என்று இராசா வரை வாயால் எண்ணிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகத் திறக்க வேண்டும், இராசாவுக்குப் பின் மீண்டும் ஏஸ். சொன்ன எண்ணே சீட்டாக வந்துவிட்டால் தோல்வி, 52 உம் பொருந்தாமல் போனால் வெற்றி. இதன் வெற்றி நிகழ்தகவு 1.62%. அப்படியிருந்தும் 100 ஆட்டங்களில் ஒரு வெற்றியும் வராமலிருப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை நடக்கும். இந்த ஆட்டத்துக்கு ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகக் கருதி 12/13 ஐ 52 தடவை பெருக்கிவிடும் மாணவர்களுக்கு 1.56% வரும். அது பிழையான விடை, ஏனெனில் திறந்த சீட்டு கட்டுக்குத் திரும்புவதில்லை, ஒன்றையொன்று சார்ந்தே வருகின்றன. 1.56 ஐயும் 1.62 ஐயும் செய்நிரலால் பிரித்தறிய விரும்பினால் ஒன்றரை இலட்சம் ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆட வேண்டும். சென்ற தவணையில் இரண்டு மாணவிகள் பத்து இலட்சம் ஆடிப் பார்த்துவிட்டு, பெருக்கல் விடை ஏன் பொருந்தவில்லை என்று கேட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள்.